குறைந்த விலையை ஏன் எடுக்கவில்லை? போட்டோஸ்டேட் இயந்திரம் வாங்கும் பள்ளிக்கு ஒரு பரிந்துரை அறிக்கை

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும். "மூனு கொட்டேஷன் எடுத்தீங்க, சரி. குறைஞ்ச விலைக்காரர விட்டுட்டு ஏன் இவர்கிட்ட வாங்குனீங்க?" கேட்டவர் குறை சொல்லத்தான் கேட்டார் என்று செயலவையினர் முகம் சுருங்கும். தலைவர் எழுந்து, "எல்லாம் பேசித்தான் முடிவு பண்ணோம்" என்பார். அதற்கு மேல் பேச்சு வளர்ந்தால், வாங்கியது யாருடைய மச்சான் கடையில் என்பதுவரை போய்விடும்.

அந்தக் கேள்வி நியாயமானது. சங்கத்தின் பணம் பெற்றோர் கொடுத்த நன்கொடையும் விளையாட்டுப் போட்டி நாளில் உணவு விற்றுச் சேர்த்ததும்தான். ஆனால் பதிலைக் கூட்டத்தில் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது. அது பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு பக்கத்தில் எழுதப்பட்டுக் கோப்பில் இருக்க வேண்டும். அதைத்தான் பரிந்துரை அறிக்கை என்கிறோம்: மூன்று விற்பனையாளர்கள் என்ன கொடுக்க முன்வந்தார்கள், அவர்களில் ஒருவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், மற்ற இருவரை ஏன் விட்டோம் என்று சொல்லும் தாள்.

நம் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட தோட்டப்புறப் பள்ளிகள். அப்படிப்பட்ட பள்ளிகளின் சங்கங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் பெரிய செலவு போட்டோஸ்டேட் இயந்திரம். அதையே எடுத்துக்கொண்டு அறிக்கை எப்படி உருவாகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். கீழே வரும் பள்ளியும் தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக நாம் அமைத்துக்கொண்டவை. உங்கள் வட்டாரத்து விலையை அவற்றுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் வேலை மீட்டர் பார்ப்பது

பள்ளியில் 120 மாணவர்கள். பழைய இயந்திரம் வாரத்துக்கு இரண்டு முறை தாளைச் சிக்கவைக்கிறது. சங்கத்தின் வங்கிக் கணக்கில் 9,400 வெள்ளி இருக்கிறது. உடனே கடைக்குப் போன் அடிப்பதுதான் பலர் செய்வது. அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பள்ளி ஓராண்டில் எத்தனை பக்கம் நகல் எடுக்கிறது?

இதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு போட்டோஸ்டேட் இயந்திரத்துக்குள்ளும், கார் மீட்டர் கிலோமீட்டரை எண்ணுவதுபோல, பக்கங்களை எண்ணும் மீட்டர் இருக்கிறது. திரையில் கவுண்டர் என்ற இடத்தில் எண் தெரியும். சர்வீஸ் செய்ய வருபவர் தம் ரசீதில் அந்த எண்ணை எழுதிவிட்டுப் போவது வழக்கம். போன ஆண்டு ஜனவரி ரசீதையும் இந்த ஆண்டு ஜனவரி ரசீதையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் ஓராண்டுக் கணக்கு வந்துவிடும். நம் பள்ளிக்கு அது 60,000 பக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

மாதக் கணக்கும் வேண்டும். பள்ளி விடுமுறை வரும் இரண்டு மாதங்களில் 1,000 பக்கம்கூடத் தாண்டுவதில்லை. சோதனை வரும் இரண்டு மாதங்களில் 9,000 பக்கம் ஓடுகிறது. மற்ற எட்டு மாதங்களில் மாதத்துக்கு 5,000. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானதும் தாள் செலவு குறையும் என்று பேசிக்கொண்டார்கள். வகுப்புச் சோதனையும் பயிற்சித் தாளும் நின்றுவிடவில்லையே. இந்த ஏற்றத்தாழ்வு பின்னால் ஒரு விலைப்புள்ளியின் கணக்கையே மாற்றப்போகிறது.

அடுத்து, மூவருக்கும் ஒரே கடிதம் போக வேண்டும். ஆண்டுக்கு 60,000 பக்கம், கறுப்பு வெள்ளை, தாளின் இரு பக்கமும் தானாக அச்சடிக்க வேண்டும், ஐந்தாண்டுப் பயன்பாடு, பள்ளி நகரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற விவரம். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஒருவரிடம் வாய்மொழியாகவும் இன்னொருவரிடம் வாட்ஸ்அப்பிலும் கேட்டால், ஆளுக்கொரு பொருளுக்கு விலை சொல்வார்கள். பிறகு அந்த மூன்றையும் ஒப்பிட முடியாது.

கடிதம் போவதற்கு முன்பே செயலவை இன்னொன்றையும் செய்ய வேண்டும். எதைப் பார்த்து முடிவெடுப்போம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். நம் பள்ளி மூன்றை எழுதியது: ஐந்தாண்டு மொத்தச் செலவு, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், அடுத்துவரும் செயலவைகளின் கையை இந்த ஒப்பந்தம் எவ்வளவு கட்டிப்போடும். விலைப்புள்ளிகளைப் பிரித்த பிறகு இந்த அளவுகோல்களைத் தீர்மானித்தால், மனத்துக்குப் பிடித்தவருக்கு ஏற்ற மாதிரி அவை வளைந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டும் என்பதில்லை, அது தானாக நடக்கும்.

வந்த மூன்று விலைப்புள்ளிகள்

முதலாமவர் ரீகண்டிஷன் இயந்திரம் விற்கும் கடைக்காரர். வேறு இடத்தில் ஓடிய இயந்திரத்தைத் துடைத்து, தேய்ந்த பாகங்களை மாற்றிக் கொடுக்கிறார். விலை 3,200 வெள்ளி, மூன்று மாத வாரண்டி. டோனரை நாம்தான் வாங்க வேண்டும். ஒன்று 180 வெள்ளி, 20,000 பக்கம் வரும் என்கிறார். வாரண்டி முடிந்தபின் ஒவ்வொரு முறை ஆள் வருவதற்கும் 80 வெள்ளி.

இரண்டாமவர் வாடகை நிறுவனம். முன்பணம் கிடையாது. மாதம் 150 வெள்ளி, அதற்குள் 3,000 பக்கம் அடக்கம், அதற்கு மேல் பக்கத்துக்கு 3 காசு. டோனர், பாகம், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒப்பந்தம் 60 மாதம். முடிந்ததும் இயந்திரம் அவர்களுக்கே திரும்பிவிடும்.

மூன்றாமவர் புதிய இயந்திரம் விற்கும் நிறுவனம். விலை 5,800 வெள்ளி. கூடவே ஒரு சர்வீஸ் ஒப்பந்தம்: ஓடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 2 காசு கட்டினால் டோனர், டிரம், மற்ற பாகம், ஆள் கூலி எல்லாம் அதில் சேரும். தாள் மட்டும் நம்முடையது.

முகப்பில் தெரியும் எண்களை மட்டும் பார்த்தால் வாடகைதான் இனிக்கும். கையிலிருந்து எதுவும் போகவில்லை, மாதம் 150 வெள்ளிதான். அடுத்தது ரீகண்டிஷன். புதிய இயந்திரம் கடைசி. மீட்டர் எண்ணை வைத்து ஐந்தாண்டுக்குக் கணக்குப் போட்டால் வரிசை மாறிவிடுகிறது. தாளும் மின்சாரமும் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகையால் அவற்றை விட்டுவிடுவோம்.

வாடகையிலிருந்து தொடங்குவோம். மாதம் 150 வெள்ளி, 60 மாதத்துக்கு 9,000. மேல்பக்கங்களுக்கு எவ்வளவு? பொருளாளர் சராசரிக் கணக்குப் போடுவார்: மாதம் 5,000 பக்கம், 3,000 போக மீதி 2,000, ஆண்டுக்கு 24,000 பக்கம், பக்கத்துக்கு 3 காசு வீதம் 720 வெள்ளி. இங்கேதான் சறுக்கல். விடுமுறை மாதத்தில் 1,000 பக்கம்தான் ஓடியது. மீதி 2,000 பக்கம் அடுத்த மாதத்துக்குப் போகாது, அது வீண். சோதனை மாதத்தில் 9,000 ஓடியதால் 6,000 பக்கத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அப்படி இரண்டு மாதத்துக்கு 12,000. சாதாரண எட்டு மாதங்களுக்கு 16,000. ஆக மேல்பக்கம் 28,000, ஆண்டுக்கு 840 வெள்ளி, ஐந்தாண்டுக்கு 4,200. மொத்தம் 13,200 வெள்ளி. பள்ளிகளின் பயன்பாடு அலுவலகத்தைப்போல் மாதாமாதம் ஒரே சீராக ஓடுவதில்லை. வாடகைத் திட்டத்தை எடுப்பவர்கள் மீதிப் பக்கங்களை ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடுவீர்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

புதிய இயந்திரத்தின் கணக்கு எளிது. ஐந்தாண்டில் 300,000 பக்கம், பக்கத்துக்கு 2 காசு, அது 6,000 வெள்ளி. இயந்திர விலை 5,800. மொத்தம் 11,800.

ரீகண்டிஷன் இயந்திரத்துக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் செலவுகள் சிதறிக் கிடக்கின்றன. இயந்திரம் 3,200. ஆண்டுக்கு நான்கு முறை ஆள் வந்தால் ஐந்தாண்டில் 1,600. ஒளி பட்டு உருவத்தைத் தாங்கும் டிரம் என்ற உருளை தேய்கிற பொருள். நம் கணக்கில் மூன்று முறை மாற்ற 1,350. மையைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கும் பாகத்தை ஒரு முறை மாற்ற 700. டோனர், 20,000 பக்கத்துக்கு ஒன்று என்றால் 15 வேண்டும், 2,700 வெள்ளி. கூட்டினால் 9,550.

ஆனால் அந்த 20,000 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. டோனர் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, பக்கத்தின் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் மட்டுமே மை படும் என்று வைத்துச் சொல்வது. அலுவலகக் கடிதம் அப்படித்தான் இருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஆசிரியை கொடுக்கும் பயிற்சித் தாளைப் பாருங்கள்: பெரிய எழுத்து, யானைப் படம், கறுப்புக் கட்டம். மை அதிகம் போகும். 20,000 வரும் இடத்தில் 15,000 என்று வைத்தால் 20 டோனர் வேண்டும், 3,600 வெள்ளி. மொத்தம் 10,450 ஆகிவிடுகிறது. பக்கத்துக்கு 2 காசு ஒப்பந்தத்தில் இந்தக் கூடுதல் மை விற்பவரின் தலையில் விழும். சில ஒப்பந்தங்களில் அதற்கும் ஒரு வரம்பு எழுதியிருப்பார்கள், படித்துப் பார்க்க வேண்டும்.

ஆக 10,450, 11,800, 13,200. ரீகண்டிஷன்தான் இன்னமும் மலிவு. இதை மறைத்துவிட்டு அறிக்கை எழுதினால் பின்வரிசைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். மறைக்கத் தேவையும் இல்லை.

ஏன் மலிவானதை எடுக்கவில்லை

வித்தியாசம் 1,350 வெள்ளி. ஐந்தாண்டுக்குப் பிரித்தால் மாதம் 22 வெள்ளி 50 காசு. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் அறிக்கையின் மையம்.

சோதனை வாரத்தில் இயந்திரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு டவுன் கடைக்குப் போக வேண்டும். ஒரு வாரத்துக்கு 2,500 பக்கம், கடையில் பக்கத்துக்கு 10 காசு என்றால் 250 வெள்ளி. அப்படி ஐந்தாண்டில் ஆறு முறை நடந்தால் 1,350 வெள்ளிக்கு மேல் போய்விட்டது, ஆசிரியரின் நேரமும் பெட்ரோலும் சேராமலே. ஆனால் ஆறு முறை நடக்குமா என்பது நமக்குத் தெரியாது. ஆகையால் இதை மட்டும் வைத்து வாதாடக் கூடாது.

இதைவிடக் கனமான காரணம் இயந்திரத்தின் வயது. ரீகண்டிஷன் இயந்திரம் நம்மிடம் வரும்போதே பல ஆண்டு ஓடியிருக்கும். மீட்டரில் எவ்வளவு ஓடியது என்று காட்டும், ஆனால் அந்த எண்ணை மாற்றிவைக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. அந்த மாடலின் உற்பத்தி நின்று நாளாகிவிட்டால் பாகம் கிடைப்பது கடினம். வேறொரு பழைய இயந்திரத்திலிருந்து கழற்றித்தான் போடுவார்கள். நான்காம் ஆண்டில் பாகமே கிடைக்காமல் இன்னொன்று வாங்க நேர்ந்தால் இன்னொரு 3,200 வெள்ளி. அப்போது மொத்தம் 13,650. மலிவானது மூன்றிலும் விலை கூடியதாகிவிடும். புதிய இயந்திரத்தில் அந்த அபாயம் முழுவதும் விற்பவருடையது, ஏனென்றால் 2 காசுக்குள் பாகமும் அடக்கம். ஓடாத இயந்திரத்துக்கு நாம் காசு கட்டுவதில்லை என்பதால் விரைவாக வந்து பழுதுபார்ப்பதில் அவருக்கும் அக்கறை இருக்கும். ரீகண்டிஷன் கடைக்காரருக்கோ ஒவ்வொரு பழுதும் 80 வெள்ளி வருமானம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் ஏற்பாடு அப்படி அமைந்துவிட்டது.

வாடகையை விட்டதற்குக் காரணம் 1,400 வெள்ளி கூடுதல் என்பது மட்டுமில்லை. ஒப்பந்தம் 60 மாதம். செயலவையோ ஆண்டுக் கூட்டத்தில் மாறக்கூடியது. இன்று கையெழுத்துப் போடுபவர்கள் போன பிறகு வருகிறவர்கள் ஐந்தாண்டுக் கடனைச் சுமப்பார்கள். இடையில் நிறுத்தினால் மீதி மாதங்களின் வாடகையைக் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. சிலவற்றில் தனிநபர் உத்தரவாதம் கேட்பார்கள். அதாவது சங்கம் கட்டாவிட்டால் கையெழுத்துப் போட்ட தலைவரோ பொருளாளரோ சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். தோட்டம் விற்கப்பட்டு மக்கள் வேறு இடம் போய் மாணவர் எண்ணிக்கை பாதியாகிவிட்ட பள்ளியில் அந்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கம் குறைந்தாலும் 150 வெள்ளி குறையாது.

வாடகையே சரியாக இருக்கும் பள்ளியும் உண்டு. கையில் 1,000 வெள்ளிதான் இருக்கிறது, இயந்திரம் அடுத்த வாரமே வேண்டும் என்ற நிலையில் அதுதான் வழி. நம் பள்ளியிடம் 9,400 வெள்ளி இருக்கிறது. 5,800 போனாலும் 3,600 மிஞ்சும், மாதம் சராசரி 100 வெள்ளி சர்வீஸ் கட்டணத்தைத் தாங்கும்.

இப்போது அறிக்கையை எழுதலாம். பலர் வரலாற்றிலிருந்து தொடங்கி, நிறுவனங்களின் பெருமையை விலாவாரியாக எழுதி, கடைசிப் பக்கத்தில் முடிவைச் சொல்கிறார்கள். கூட்டத்தில் தாளைக் கையில் வாங்குபவர் முதல் வரியிலேயே முடிவைத் தேடுகிறார். அதனால் பரிந்துரையே முதல் பத்தி. நம் பள்ளியின் அறிக்கை இப்படித் தொடங்கும்:

"மூன்றாம் நிறுவனத்திடமிருந்து புதிய போட்டோஸ்டேட் இயந்திரம் ஒன்றை 5,800 வெள்ளிக்கு வாங்கவும், பக்கத்துக்கு 2 காசு என்ற சர்வீஸ் ஒப்பந்தத்தை ஐந்தாண்டுக்குச் செய்யவும் செயலவைக்குப் பரிந்துரைக்கிறோம். ஐந்தாண்டு மொத்தச் செலவு 11,800 வெள்ளி. இது மிகக் குறைந்த விலைப்புள்ளி அன்று. முதலாம் நிறுவனத்தின் மதிப்பீடு இதைவிட 1,350 வெள்ளி குறைவு. பழுது, பாகம், டோனர் ஆகியவற்றின் பொறுப்பு விற்பவரிடம் இருப்பதற்காகவே இந்தக் கூடுதல் தொகையை ஏற்கலாம் என்கிறோம்."

இந்தப் பத்தியில் மலிவானது எது, எவ்வளவு மலிவு என்பதை நாமே சொல்லிவிட்டோம். கேள்வி கேட்க நினைத்தவருக்குப் பதில் கையிலேயே இருக்கிறது. அடுத்து மீட்டர் கணக்கு, மூவருக்கும் அனுப்பிய கடிதம், மூன்று நிறுவனங்களையும் ஒரே வரிசையில் காட்டும் சிறிய அட்டவணை, விட்ட இருவரையும் பற்றி ஆளுக்கு ஒரு பத்தி. விட்டவர்களைத் தரக்குறைவாக எழுத வேண்டாம். அவர்கள் கொடுக்க முன்வந்தது நம் தேவைக்கு எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று மட்டும் எழுதினால் போதும். அடுத்த ஆண்டு கணினி வாங்க அவர்களிடமே போக நேரலாம்.

பலரும் எழுதாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது: எந்த நிலையில் இந்தப் பரிந்துரை தவறாகும்? நம் கணக்கில் அது தெளிவாகத் தெரிகிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து 2 காசை 3 காசாக உயர்த்தினால் 180,000 பக்கத்துக்கு 1,800 வெள்ளி கூடும். மொத்தம் 13,600, வாடகையையே தாண்டிவிடும். ஆகவே விலை ஐந்தாண்டுக்கும் மாறாது என்ற வரி ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் இந்தப் பரிந்துரை செல்லாது என்றே அறிக்கையில் எழுத வேண்டும். அதேபோல பள்ளியின் பயன்பாடு பாதியாகக் குறைந்தால் ரீகண்டிஷன் செலவு 7,050 வெள்ளியாகவும் புதியது 8,800 ஆகவும் இருக்கும். வித்தியாசம் 1,750 வெள்ளிக்கு விரிகிறது. இயந்திரமும் மெதுவாகத் தேயும். நகரத்துக்குள் இருக்கும், நம்பிக்கையான மெக்கானிக் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் சிறிய பள்ளிக்கு முதலாம் கடையே சரியான தேர்வு. இதை எழுதுவதால் அறிக்கை பலவீனப்படாது. எழுதியவர்கள் உண்மையிலேயே கணக்குப் போட்டார்கள் என்று காட்டும்.

நிபந்தனைகளில் நம் பள்ளிக்கு முக்கியமானது பழுதுக்கு ஆள் வரும் நேரம். "24 மணி நேரத்துக்குள்" என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். எப்போதிலிருந்து 24 மணி நேரம்? சனி, ஞாயிறு சேருமா? வந்து பார்ப்பதா, சரிசெய்து முடிப்பதா? நகரத்திலிருந்து நாற்பது நிமிடம் உள்ளே இருக்கும் தோட்டத்துக்கு அந்தச் சொல் பொருந்துமா? "புகார் செய்த மறு வேலைநாளில் ஆள் வருவார், மூன்று வேலைநாளில் சரியாகாவிட்டால் மாற்று இயந்திரம் தரப்படும்" என்று எழுதி வாங்க வேண்டும். விலைப்புள்ளியில் சேவை வரி அடக்கமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்ன சொல் காப்பாற்றுகிறார்களா என்று அறிய, அவர்களிடம் இயந்திரம் வாங்கிய இரண்டு பள்ளிகளுக்குப் போன் செய்து, கடைசியாகப் பழுதானபோது எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு, பதிலைத் தேதியோடு அறிக்கையில் குறித்துவிடலாம். "சர்வீஸ் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். நாள் கணக்கைக் கேளுங்கள்.

மூன்று என்ற பெயரில் ஒன்று

மூன்று விலைப்புள்ளி என்ற விதியைக் கேலிக்கூத்தாக்கும் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "மத்த ரெண்டு கொட்டேஷனயும் நானே ஏற்பாடு பண்ணித் தரேன் சார்" என்று விற்பனையாளரே சொல்வது. வேலை மிச்சம் என்று செயலவையும் தலையாட்டிவிடும். அப்போது நடப்பது ஒப்பீடு இல்லை. விலையை விற்பவரே தீர்மானித்துவிட்டு, கூடுதல் விலை போட்ட இரண்டு தாளைத் துணைக்கு வைக்கிறார்.

கோப்பைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும். மூன்று தாளிலும் ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப்பிழை. மூன்றும் ஒரே நாளில் தேதியிடப்பட்டிருக்கும். ஒருவர் 5,800 என்றால் மற்றவர்கள் 6,100, 6,400 என்று ஒரே அளவில் ஏறிக்கொண்டே போவார்கள். உண்மையாகக் கேட்ட மூன்று விலைப்புள்ளிகள் நம் உதாரணத்தில் வந்ததுபோல் ஒன்றுக்கொன்று உருவத்திலேயே வேறுபட்டிருக்கும். ஒப்பிடத் தலைவலி கொடுக்கும். மற்ற இரு நிறுவனங்களின் எண்ணுக்குப் போன் செய்து, இந்த விலைப்புள்ளியை நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று பொருளாளர் கேட்டால் இரண்டே நிமிடத்தில் விஷயம் முடிந்தது.

உறவு இருந்தால் அதையும் எழுதிவிட வேண்டும். செயலவை உறுப்பினரின் தம்பி மூன்றாம் நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்றால், அதனால் அந்த நிறுவனத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சிறிய ஊரில் எல்லாரும் யாருக்காவது மாமன், மச்சான்தான். அந்த உறுப்பினர் ஒப்பீட்டிலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை என்று ஒரு வரி அறிக்கையில் இருந்தால் போதும். அந்த வரி இல்லாமல் பிறகு வெளியே தெரிந்தால், சரியான முடிவும் தவறானதாகத் தோன்றும்.

கடைசியில் அறிக்கையைத் தயாரித்தவர்கள் இருவராவது கையெழுத்திட்டு, தேதி போட்டு, மூன்று விலைப்புள்ளிகளின் அசலோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். செயலவை ஏற்றுக்கொண்ட கூட்டத்தின் தேதியும் தீர்மானமும் அதே கோப்பில் இருக்கட்டும். இயந்திரம் வந்து இறங்கும் நாளில் மீட்டர் எண்ணை விற்பவரின் ஆள் முன்னிலையில் படித்து, இருவரும் கையெழுத்திட்டு அதே கோப்பில் வையுங்கள். பக்கத்துக்கு 2 காசு என்ற கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. புதிய இயந்திரமும் சோதனை ஓட்டத்தில் சில பக்கங்கள் ஓடியே வரும் என்பதால் அது பூஜ்யமாக இருக்காது.